நாடா கட்டும் இடத்தில் ஒரு கருப்புப் பொருக்கு: மூன்று மருந்துகள், ஒரு காய்ச்சல்

பின்னணி

தருமபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கத்து மலையடிவாரக் கிராமம் ஒன்றிலிருந்து வந்தவர் இவர். வயது நாற்பத்தாறு. கணவருடன் இரண்டு ஏக்கர் மானாவாரி நிலத்தில் கேழ்வரகும் கொள்ளும் போடுகிறார், பத்துப் பன்னிரண்டு ஆடுகள் வைத்திருக்கிறார். சர்க்கரை நோய் இல்லை, இரத்த அழுத்தம் இல்லை, இதற்கு முன் மருத்துவமனையில் படுத்ததும் இல்லை. அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மருத்துவ விவரங்களை மாற்றவில்லை.

கேழ்வரகு அறுவடை முடிந்து தாள் கட்டிக்கொண்டிருந்த மார்கழிக் கடைசியில் காய்ச்சல் தொடங்கியது. அதற்குப் பத்து நாட்களுக்கு முன்பிருந்தே தினமும் வயல் ஓரத்துப் புதரில் விறகு பொறுக்கி, அங்கேயே வரப்பில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். அந்தப் புதர் முழுக்க உண்ணிச்செடி. நோய்க்கு ஊரில் வழங்கும் பெயர் உண்ணிக்காய்ச்சல். இரண்டு பெயரும் ஒன்றுபோல இருப்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் அந்த மாதிரிப் புதர் இந்த நோய்க்கு ஏற்ற இடம்தான். நோயைப் பரப்புவது கண்ணுக்குச் சரியாகத் தெரியாத சிவப்புப் பூச்சியின் இளம்பருவம். புல் நுனியில் காத்திருந்து, உரசிப் போகும் உடலில் ஏறிக்கொள்கிறது. இதையெல்லாம் நான் கேட்டுத் தெரிந்துகொண்டது காய்ச்சல் தொடங்கிய பத்தாம் நாளில். முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் அவை.

முதல் ஏழு நாட்கள்

முதல் இரண்டு நாட்கள் குளிரும் தலைவலியும். சுக்குக் கஷாயம், பாராசிட்டமால். மூன்றாம் நாள் அருகிலிருந்த தனியார் கிளினிக்கில் ஓர் ஊசியும் செஃபிக்சைம் மாத்திரையும் கிடைத்தன. செஃபிக்சைம் பாக்டீரியாவின் செல் சுவரைத் தாக்கும் மருந்து. மூன்று நாள் முடிந்தும் காய்ச்சல் இறங்கவில்லை.

ஆறாம் நாள் அதே கிளினிக்கில் இரத்தம் எடுத்து வைடல் சோதனை செய்தார்கள். லேசாகப் பாசிட்டிவ் வந்தது. டைஃபாய்டு என்று சொல்லி சிப்ரோஃபிளாக்சசினுக்கு மாற்றினார்கள், 500 மி.கி., காலை மாலை. இது பாக்டீரியா தன் டி.என்.ஏ.வை நகலெடுப்பதைக் குலைக்கும் மருந்து. ஒரே ஒரு வைடல் முடிவை வைத்து டைஃபாய்டு என்று முடிவுகட்டுவது நம் பகுதியில் ஊறிப்போன பழக்கம். ஏற்கெனவே டைஃபாய்டு வந்தவர்களுக்கும், வேறு காய்ச்சல் உள்ளவர்களுக்கும்கூட அந்தச் சோதனை குறைந்த அளவில் பாசிட்டிவ் காட்டும். அந்த மருத்துவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அடுத்த இரண்டு நாட்கள் நாங்கள் செய்ததும் அவர் செய்ததைவிடச் சிறப்பாக இல்லை.

எட்டாம் நாள் இரவு வறட்டு இருமலோடு மூச்சு வாங்கத் தொடங்கியது. மகன் வாடகைக் காரில் எங்கள் மருத்துவமனைக்குக் கூட்டிவந்தார்.

எங்கள் வார்டில் முதல் இரண்டு நாட்கள்

சேர்க்கும்போது உடல் வெப்பம் 103 டிகிரி, நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 124, மூச்சு 30, இரத்த அழுத்தம் 100/60. விரலில் மாட்டும் கருவி ஆக்சிஜன் 91 சதவீதம் என்றது. கண்ணில் லேசான மஞ்சள். தட்டணுக்கள் 58,000. கல்லீரல் நொதிகள் இயல்பைவிட மூன்று நான்கு மடங்கு உயர்ந்திருந்தன. எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரலிலும் பனி படர்ந்ததுபோலப் புகைமூட்டம். டெங்குச் சோதனையும் மலேரியாச் சோதனையும் நெகட்டிவ்.

பணியில் இருந்த இளம் மருத்துவர் தொலைபேசியில் கேட்டார், நான் சம்மதித்தேன்: செஃப்ட்ரையாக்சோன் 2 கிராம், நரம்பு வழியாக. அதுவும் செல் சுவரைத் தாக்கும் மருந்துதான். செஃபிக்சைமின் பெரிய அண்ணன் என்று சொல்லலாம். இரத்தக் கல்ச்சர் எடுத்து மாவட்ட ஆய்வகத்துக்கு அனுப்பினோம். முகமூடி வழியாக ஆக்சிஜன் கொடுத்தோம்.

மாத்திரையில் கேட்காத காய்ச்சலுக்கு ஊசி, சின்ன மருந்துக்குக் கேட்காததற்குப் பெரிய மருந்து என்ற படிக்கட்டுக் கணக்கில்தான் அந்த முடிவு வந்தது. நோயாளிகள் மட்டுமல்ல, நாங்களும் அப்படித்தான் யோசிக்கிறோம். செஃபிக்சைம் தோற்றபோது அதே சுவரைத் தாக்கும் இன்னொரு மருந்தை ஏன் கொடுக்கிறோம் என்று அன்றிரவு யாரும் கேட்கவில்லை. ஒன்பதாம் நாள் முழுக்கக் காய்ச்சல் 102க்கும் 104க்கும் இடையில் ஏறி இறங்கியது. பத்தாம் நாள் காலையில் ஆக்சிஜனைக் கூட்ட வேண்டியிருந்தது.

நாடா கட்டும் இடம்

பத்தாம் நாள் மதியம் உடை மாற்றிவிட்ட செவிலியர் வந்து, "டாக்டர், அந்த அம்மாவுக்கு இடுப்பில் கருப்பாக ஒன்று இருக்கிறது, சூடு போட்ட மாதிரி" என்றார். திரையைப் போட்டுப் பார்த்தோம். இடது இடுப்பில் பாவாடை நாடா இறுகும் இடத்தில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் கருப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவந்த வளையம். தொட்டால் வலி இல்லை. இடது தொடை இடுக்கில் நெறி கட்டியிருந்தது. கேட்டபோது அவர், "முள் கீறியிருக்கும் என்று விட்டுவிட்டேன். வலிக்கவும் இல்லை, அரிக்கவும் இல்லை" என்றார்.

பூச்சி கடித்த இடத்தில் கிருமி பெருகித் தோல் கருகுவதால் வருவது இந்தப் பொருக்கு. துணி இறுகும் இடங்களிலும் மடிப்புகளிலும்தான் பெரும்பாலும் இருக்கும்: அக்குள், மார்பின் அடி, இடுப்பு, தொடை இடுக்கு, முழங்கால் மடிப்பு. பெண்கள் வார்டில் ஆண் மருத்துவர் சுற்றிவரும்போது பார்க்காமல் விட்டுவிடும் இடங்களும் இவையே. எல்லா நோயாளிகளிடமும் பொருக்கு இருக்காது, ஆகவே அது இல்லாததால் இந்த நோயை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் இருந்தால், சோதனை முடிவுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. ஸ்க்ரப் டைபஸ், அதாவது உண்ணிக்காய்ச்சல் என்று அன்று மதியமே எழுதினோம். ஐஜிஎம் எலிசா சோதனைக்கு இரத்தம் அனுப்பினோம். அந்த முடிவு வர மூன்று நாள் ஆனது, பாசிட்டிவ்.

இரண்டு மருந்துகள் ஏன் தோற்றன

நோயைக் கொண்டுவரும் பாக்டீரியாவின் பெயர் ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி. அது எங்கே வாழ்கிறது, எதைக் கொண்டு கட்டப்பட்டிருக்கிறது என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அந்தப் பத்து நாட்களும் விளங்கிவிடும்.

பெரும்பாலான பாக்டீரியாக்களைச் சுற்றி ஒரு வலைச் சுவர் இருக்கிறது. சர்க்கரைச் சங்கிலிகளைச் சிறு புரத இழைகளால் குறுக்கே பின்னிய கோணிப்பை போன்றது அது. உள்ளே அழுத்தம் அதிகம், பை கிழிந்தால் கிருமி வெடித்துவிடும். கிருமி வளரும்போது பையைப் பிரித்துப் பிரித்துப் புதுப்பின்னல் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் பின்னலைப் போடும் நொதி, இழையின் நுனியில் உள்ள இரண்டு அலனின் துண்டுகளை அடையாளம் கண்டு பற்றும். பெனிசிலினும் செஃப்ட்ரையாக்சோனும் அந்த நுனியைப் போலவே தோற்றம் கொண்டவை. நொதி ஏமாந்து மருந்தைப் பிடிக்கும், பிடித்தபின் விட முடியாது. பின்னல் நிற்கிறது, பை கிழிகிறது. மனித செல்லுக்கு இப்படி ஒரு பையே கிடையாது. நம் செல்லைச் சூழ்ந்திருப்பது மெல்லிய கொழுப்புச் சவ்வு மட்டும், வெளியில் உள்ள திரவத்தின் உப்பளவை உடல் சீராக வைத்திருப்பதால் அது வெடிப்பதில்லை. ஆகவே இந்த மருந்துகள் பெரிய அளவில் கொடுத்தாலும் நம் செல்களில் அவை தாக்குவதற்கு இலக்கு இல்லை. ஒவ்வாமைதான் இவற்றில் பெரிய பயம், நஞ்சுத்தன்மை அதற்கு அடுத்தது.

ஓரியன்ஷியாவோ நம் செல்லுக்கு உள்ளேயே வாழ்கிறது. இரத்தக் குழாய்களின் உட்சுவர் செல்களில் நுழைந்து, செல்லின் கூழிலேயே மிதந்து பெருகுகிறது. அந்தக் கூழில் உப்பளவு கிருமிக்குத் தோதாக இருப்பதால் வெடித்துவிடும் ஆபத்து குறைவு, கெட்டியான பைக்குத் தேவையும் குறைவு. பின்னலுக்கான நொதிகளில் சில அதனிடம் இல்லை. சுவரின் மிச்சம்போல மிக மெல்லிய ஒரு படலம் மட்டும் இருப்பதாகப் பின்னாளில் கண்டுபிடித்தார்கள். அதோடு, செஃப்ட்ரையாக்சோன் வகை மருந்துகள் மனித செல்லின் சவ்வைக் கடந்து உள்ளே நன்றாகப் போவதில்லை. இலக்கும் சிறியது, போய்ச்சேரும் வழியும் அடைத்திருக்கிறது. இரண்டு கிராமை நான்கு கிராம் ஆக்கியிருந்தாலும் காய்ச்சல் அசைந்திருக்காது.

சிப்ரோஃபிளாக்சசின் தோற்ற கதை வேறு. அது செல்லுக்குள் தாராளமாக நுழையும் மருந்து. டி.என்.ஏ. நகலாகும்போது முறுக்கேறும், கயிற்றின் இரு இழைகளைப் பிரித்தால் மீதிக் கயிறு முறுக்கிக்கொள்வதுபோல. ஜைரேஸ் என்ற நொதி அந்தக் கயிற்றை ஒரு நொடி வெட்டி, முறுக்கைத் தளர்த்தி, மீண்டும் ஒட்டிவிடும். சிப்ரோஃபிளாக்சசின் வெட்டு விழுந்த அந்த நொடியில் புகுந்து, ஒட்டவிடாமல் நொதியைப் பிடித்துக்கொள்கிறது. உடைந்த டி.என்.ஏ. குவிந்து கிருமி சாகிறது. நமக்கும் இதைப்போன்ற வேலை செய்யும் நொதி இருக்கிறது. ஆனால் மருந்து பற்றிக்கொள்ளும் இடம் நம் நொதியில் வேறு அமைப்பு, அதைத் தொந்தரவு செய்ய மிக அதிக அளவு மருந்து வேண்டும். சிகிச்சை அளவில் நாம் தப்பிப்பது இந்த வித்தியாசத்தால்தான்.

அந்தப் பற்றுக்கு ஒரு மெக்னீசிய அயனி இடையில் நின்று பாலம் போடுகிறது. பாலத்தின் மறுமுனையைத் தாங்குவதில் முக்கியப் பங்கு ஜைரேஸின் 83ஆம் இடத்தில் உள்ள செரின் என்ற அமினோ அமிலத்துக்கு. மற்ற பாக்டீரியாக்கள் சிப்ரோஃபிளாக்சசினை எதிர்க்கப் பழகும்போது பெரும்பாலும் அந்த செரினைத்தான் மாற்றிக்கொள்கின்றன. ஓரியன்ஷியாவில் அந்த இடத்தில் இயல்பாகவே செரினுக்குப் பதில் லூசின் இருக்கிறது. மருந்தைப் பார்த்து அது எதிர்ப்பு கற்றுக்கொள்ளவில்லை, பிறவியிலேயே அப்படி. மருந்து கிருமிக்குப் பக்கத்தில் போய் நின்றும் பிடிப்பு கிடைக்கவில்லை.

முதல் வகை மருந்துக்குத் தாக்க இலக்கும் சிறியது, போக வழியும் இல்லை. இரண்டாவது போய்ச்சேர்ந்தது, ஆனால் பற்ற முடியவில்லை. இந்த இரண்டு தோல்விகளையும் எட்டாம் நாளிலேயே தடயமாக வாசித்திருந்தால், கெட்டியான செல் சுவர் இல்லாத, செல்லுக்குள் ஒளியும் கிருமி ஒன்று இருக்கலாம் என்று நினைத்திருப்போம்.

மூன்றாவது இலக்கு, சிகிச்சை முடிவு

மிஞ்சியது ரைபோசோம், அதாவது புரதம் செய்யும் பட்டறை. எந்த உயிரும் இதில்லாமல் வாழ முடியாது, ஓரியன்ஷியாவும் இதற்கு விலக்கில்லை. பாக்டீரியாவின் ரைபோசோம் 70 எஸ் என்ற அளவில் குறிக்கப்படும், 30 எஸ், 50 எஸ் என்ற இரு பாகங்களைக் கொண்டது. நம் செல்லின் ரைபோசோம் 80 எஸ், 40 எஸ், 60 எஸ் என இரு பாகங்கள். எஸ் என்பது திரவத்தில் சுழற்றும்போது படியும் வேகம், எனவே இரு பாகங்களையும் கூட்டினால் கணக்கு இடிப்பது தவறல்ல.

டாக்சிசைக்ளின் 30 எஸ் பாகத்தில் போய் உட்கார்கிறது. புரதச் சங்கிலியில் சேர வேண்டிய அமினோ அமிலத்தைச் சுமந்துவரும் சிறு ஆர்.என்.ஏ. இறங்க வேண்டிய இடம் அது. இடம் அடைபட்டுவிடுவதால் சங்கிலி நீளாது. கிருமி உடனே சாகாது, வளர்ச்சி நிற்கும், மீதியை உடலின் எதிர்ப்பாற்றல் பார்த்துக்கொள்ளும். அசித்ரோமைசின் உட்காரும் இடம் 50 எஸ் பாகத்தில், புரதம் வெளியேறும் குழாயின் வாயருகே. சங்கிலி சில கண்ணிகள் நீண்டவுடன் முட்டிக்கொண்டு நிற்கும். இங்கே வித்தியாசம் ஓர் எழுத்து அளவுதான்: பாக்டீரியாவில் அந்த இடத்தில் அடினின், நம் 80 எஸ் ரைபோசோமில் குவனின். அந்த ஒரு எழுத்து மருந்தை நம் பட்டறையில் நுழையவிடாமல் இடித்துவிடுகிறது.

இந்த நோயில் எனக்கு வியப்பாகத் தோன்றுவது இதுதான். டாக்சிசைக்ளின் நம் செல்லுக்குள்ளேயே நுழைந்தாக வேண்டும். உள்ளே நம் ரைபோசோம்கள் இலட்சக்கணக்கில் மிதக்கின்றன, அவற்றின் நடுவே கிருமியின் ரைபோசோம்கள். எதிரியும் நாமும் ஒரே வீட்டில் இருக்கும்போது, மருந்து நம்முடையதைத் தாண்டிச் சென்று அவனுடையதை மட்டும் அடைக்கிறது. நம் பட்டறையில் அதற்குப் பற்று மிகக் குறைவு, போதாததற்குக் கிருமி தானே மருந்தை உள்ளுக்கு இழுத்துச் சேர்த்துக்கொள்கிறது. முழுச் சுத்தமான பிரிவு என்றும் சொல்லிவிட முடியாது. நம் செல்லின் மைட்டோகாண்ட்ரியாக்கள் ஒரு காலத்தில் பாக்டீரியாவாக இருந்தவை, அவற்றின் ரைபோசோமில் பழைய சாடை இன்னும் மிச்சமிருக்கிறது. ரைபோசோமைத் தாக்கும் சில மருந்துகளை நீண்டநாள் கொடுத்தால் எலும்பு மஜ்ஜை சோர்வதற்கு அதுவே காரணம். குளோரம்ஃபெனிகாலும் லினசோலிடும் அப்படிப்பட்டவை. ஏழு நாள் டாக்சிசைக்ளினில் அந்தக் கவலை இல்லை.

ரைபோசோமைத் தாக்கினால் போதும் என்றும் இல்லை. ஜென்டாமைசினும் 30 எஸ் பாகத்தைத் தாக்குவதுதான். ஆனால் செல்லுக்குள் ஏறுவதே அரிது, எனவே இங்கே அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

2023இல் வெளியான, இந்தியாவின் ஏழு மையங்களில் ஏறத்தாழ எண்ணூறு பேரிடம் நடந்த ஆய்வு இந்த மாதிரித் தீவிர நோயாளிகளைப் பற்றியது. நரம்பு வழியாக டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டையும் சேர்த்துப் பெற்றவர்களில் 33 சதவீதத்தினருக்கு இறப்போ, ஏழாம் நாளிலும் தீராத சிக்கலோ, ஐந்தாம் நாளிலும் இறங்காத காய்ச்சலோ இருந்தது. ஒற்றை மருந்து பெற்றவர்களில் அது 47, 48 சதவீதம். இறப்பை மட்டும் தனியே பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் சிக்கல் விரைவில் தீர்ந்தது. ஒரே பட்டறையை இரண்டு இடத்தில் அடைப்பதால் இப்படி ஆகிறது என்பது பொருத்தமான விளக்கம்.

எங்களிடம் டாக்சிசைக்ளின் ஊசி இல்லை. அவரால் விழுங்க முடிந்தது, வாந்தி இல்லை. வாய்வழியே கொடுத்தாலும் டாக்சிசைக்ளின் அநேகமாக முழுதும் உறிஞ்சப்படும். எனவே முதலில் 200 மி.கி., பிறகு காலை மாலை 100 மி.கி. கேப்சூல், அதோடு அசித்ரோமைசின் 500 மி.கி. ஊசி என்று முடிவு செய்தோம். செஃப்ட்ரையாக்சோனை உடனே நிறுத்தவில்லை. நுரையீரலில் சாதாரண நிமோனியாவும் சேர்ந்திருக்கலாம் என்ற சந்தேகத்தால் கல்ச்சர் முடிவு வரும் வரை வைத்துக்கொண்டோம், பன்னிரண்டாம் நாள் வளர்ச்சி இல்லை என்று வந்தபின் நிறுத்தினோம். மேல்சிகிச்சைக்கு அனுப்பலாமா என்பதில் கருத்து வேறுபாடு இருந்தது. மாலை ஆறு மணிக்கு ஆக்சிஜன் 92க்குக் கீழே போனாலோ மூச்சு 35ஐத் தாண்டினாலோ 108ஐ அழைப்பது என்று எண்ணை எழுதிவைத்தோம். அழைக்க வேண்டி வரவில்லை.

தொடர்ந்தது

பத்தாம் நாள் மாலை நான்கு மணிக்கு முதல் டோஸ். மறுநாள் இரவு பத்து மணிக்கு உடல் வெப்பம் 99. அதாவது முப்பது மணி நேரம். இந்த நோயில் சரியான மருந்து கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு நாளுக்குள் காய்ச்சல் விடும். விடாவிட்டால் நோயை மறுபடி யோசிக்க வேண்டும். பன்னிரண்டாம் நாள் ஆக்சிஜன் முகமூடியை எடுத்தோம், பதினான்காம் நாள் தட்டணுக்கள் 1.4 இலட்சம்.

இடையில் ஒரு சிறு தடங்கல். பன்னிரண்டாம் நாள் நெஞ்சில் எரிச்சல் என்றார். இதயப் படம் இயல்பு. கேட்டால், கேப்சூலை ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்கிவிட்டு உடனே படுத்திருக்கிறார். டாக்சிசைக்ளின் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும் பழக்கம் உள்ளது. இரவுப் பணியில் இருந்தவர் எரிச்சலுக்கு அலுமினியமும் மெக்னீசியமும் கலந்த ஆன்டாசிட் சிரப்பைக் கேப்சூலோடு சேர்த்தே கொடுத்துவிட்டார். இரும்பு மாத்திரையும் அதே நேரத்தில். மருந்தாளுநர்தான் சீட்டைப் பார்த்துப் பிடித்தார்.

இது ஏன் தவறு என்பதற்கும் பாக்டீரியாவின் பட்டறையிலேயே பதில் இருக்கிறது. டாக்சிசைக்ளின் ரைபோசோமைப் பற்றுவது மெக்னீசிய அயனியின் துணையோடு. உலோக அயனியைக் கைப்பிடிக்கும் அந்தக் குணம் வயிற்றிலும் வேலை செய்யும். இரும்பு, கால்சியம், அலுமினியம் எது கிடைத்தாலும் கட்டிக்கொள்ளும், கட்டிக்கொண்டபின் குடலில் உறிஞ்சப்படாது. கேப்சூல் உள்ளே போய்விட்டது என்று நாம் நினைத்திருப்போம், இரத்தத்தில் மருந்து குறைந்திருக்கும். இந்த நோயாளிக்குக் காய்ச்சல் திரும்பவில்லை. அசித்ரோமைசின் ஊசி கூடவே போய்க்கொண்டிருந்ததால் தப்பித்தாரா, ஒரு வேளை மட்டும் கலந்ததால் பாதிப்பே இல்லையா என்று பிரித்துச் சொல்ல வழி இல்லை. அதற்குப்பின் கேப்சூலை ஒரு முழுத் தம்ளர் தண்ணீரோடு, உட்கார்ந்தபடி, இரும்பு மாத்திரைக்கு முன்னும் பின்னும் சில மணி நேர இடைவெளி விட்டுக் கொடுத்தோம். எரிச்சல் இரண்டு நாளில் தணிந்தது. பதினைந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினோம், டாக்சிசைக்ளின் ஏழு நாள் கணக்கை வீட்டில் முடிக்கச் சொன்னோம்.

மருமகள்

அனுப்பும் நாளில் மகன் தயங்கித் தயங்கிச் சொன்னார்: வீட்டில் மனைவிக்கும் நேற்றிலிருந்து காய்ச்சல், ஐந்து மாதக் கர்ப்பம். அவரும் அதே வரப்பில் உட்கார்ந்து தாள் கட்டியவர். அன்றே வரவழைத்தோம். பெண் மருத்துவர் ஒருவர் திரை மறைவில் பார்த்தார், வலது முழங்கால் மடிப்பில் பொருக்கு. தட்டணுக்கள் இயல்பு, மூச்சுத் தொல்லை இல்லை.

கர்ப்பத்தில் டாக்சிசைக்ளினைத் தவிர்க்கிறோம். கால்சியத்தோடு ஒட்டும் அதே குணம், குழந்தையின் வளரும் எலும்பிலும் பல்லிலும் போய்ப் படியலாம் என்பதால். டெட்ராசைக்ளின் குடும்பத்தின் பழைய மருந்துகளில் அது தெளிவாகக் காணப்பட்டது, டாக்சிசைக்ளினில் அந்த அளவுக்கு இல்லை. ஆனாலும் மாற்று கையில் இருக்கும்போது துணிய வேண்டியதில்லை. 50 எஸ் பாகத்தைத் தாக்கும் அசித்ரோமைசினுக்கு அந்தக் குணம் இல்லை, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் கர்ப்பிணிகளுக்குச் சொல்லப்பட்டிருப்பதும் இதுவே: தினம் 500 மி.கி., ஐந்து நாள். காய்ச்சல் இரண்டாம் நாளே விட்டது. மாமியார் பத்து நாளும் ஏறக்குறைய உயிரும் கொடுத்த இடத்தில் மருமகள் ஒரு வார்டு இரவுகூடக் கழிக்கவில்லை. நோய் ஒன்றே. வேறுபட்டது மருந்தைத் தொடங்கிய நாளும், யாராவது கேட்டுப் பார்த்ததும்.

எதை மாற்றினோம்

ஐந்து நாளுக்கு மேல் நீளும் காய்ச்சலோடு வரும் ஒவ்வொருவரின் சேர்க்கைத் தாளிலும் இரண்டு வரிகளை அச்சடித்துச் சேர்த்தோம். ஒன்று, "வயல், புதர், ஆடு, விறகு: கடந்த மூன்று வாரத்தில்?" இரண்டாவது, "பொருக்கு தேடியது யார், எந்த இடங்களில்?" கையெழுத்து போட்டாக வேண்டும் என்பதால் தேடாமல் விட முடியாது. பெண் நோயாளிகளுக்குப் பெண் செவிலியர் திரைக்குள் பார்ப்பதை இரவுப் பணியிலும் கட்டாயமாக்கினோம். இதில் எதிர்ப்பும் வந்தது, இரவில் ஒரு செவிலியருக்கு முப்பது கட்டில் என்ற கணக்கில் அது நடக்கிற காரியமா என்று. முழுமையாக நடக்கவில்லை. சேர்க்கும் நேரத்தில் மட்டும் என்று குறைத்துக்கொண்டபின் ஓரளவு நடக்கிறது.

மருந்தைப் பொறுத்தவரை ஒரே மாற்றம். புரட்டாசிக்கும் மாசிக்கும் இடையில், மலையடிவாரத்திலிருந்து, காரணம் தெரியாத காய்ச்சலோடு தட்டணு குறைந்தோ மூச்சு வாங்கியோ யார் வந்தாலும், செஃப்ட்ரையாக்சோன் எழுதும் அதே தாளில் டாக்சிசைக்ளினும் எழுதுகிறோம். எலிசா முடிவுக்குக் காத்திருப்பதில்லை. முதல் வாரத்தில் அந்தச் சோதனை நெகட்டிவ் ஆக வர வாய்ப்பு இருப்பதும் ஒரு காரணம்.

அதற்கு ஒரு விலை உண்டு. தேவையில்லாமல் சிலருக்கு டாக்சிசைக்ளின் போகிறது. அதைச் சுருக்க, இரண்டு நாளில் காய்ச்சல் விடாதவரின் தாளை நான் திரும்பப் பார்க்கிறேன். இதற்கு முன் அப்படிப் பார்த்த இரண்டு பேரில் ஒருவருக்கு எலிக்காய்ச்சல் இருந்தது. இன்னொருவருக்கு என்னவென்று கடைசிவரை பிடிபடவில்லை, தானாகத் தேறி வீட்டுக்குப் போனார்.